வெந்நீருக்கு முன் தண்ணீர்: குழந்தைகளின் ஆடைகளில் படியும் பால், ஐஸ்கிரீம், சொக்லேட் கறைகள்

பெற்றோருக்கும் பேரப்பிள்ளைகளைப் பராமரிக்கும் மூத்தோருக்குமான கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



இலண்டனின் வடமேற்குப் பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இரட்டைப் பிள்ளைகள் இருவர். ஒருவர் ஆண், மற்றவர் பெண். இருவரும் ஆரம்பப் பாடசாலையில் முதலாம் வகுப்பில் பயில்கின்றனர். யூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பாடசாலை விட்டதும் வாயிலருகே நின்ற ஐஸ்கிரீம் வண்டியில் அம்மம்மா இருவருக்கும் சொக்லேட் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். வெயிலில் ஐஸ்கிரீம் விரைவாக உருகியது. வீடு வந்து சேர்ந்தபோது இருவரின் வெள்ளைப் போலோ சட்டைகளிலும், நெஞ்சுப் பகுதியில், ஐம்பது பென்ஸ் நாணயத்தின் அளவிலான பழுப்புக் கறை ஒவ்வொன்று இருந்தது.

பேத்தியின் சட்டையை அம்மம்மா உடனே கழற்றி எடுத்துக் கைகழுவும் தொட்டியில் இட்டார். கேத்தலில் நீரைக் கொதிக்க வைத்துக் கறையின் மீது ஊற்றினார். பின்னர் சவர்க்காரக் கட்டியால் நன்றாகத் தேய்த்தார். பேரனோ ஏச்சுக்கு அஞ்சித் தன் சட்டையைக் குளியலறை மூலையில் ஒளித்துவிட்டான். இரவு எட்டு மணியளவில் தாய் அதனைக் கண்டெடுத்து, குழாயின் குளிர்ந்த நீரில் வேறு முறையில் கழுவினார். சனிக்கிழமை காலையில் இரு சட்டைகளையும் அருகருகே விரித்துப் பார்த்தபோது, ஐந்து மணி நேரம் கவனிப்பாரற்றுக் கிடந்த சட்டை வெண்மையாக இருந்தது. உடனே கவனிக்கப்பட்ட சட்டையில் கறை உள்ளங்கை அளவுக்கு விரிந்து, மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில் ஓரம் கட்டி நின்றது.

"அம்மா, சுடுதண்ணியே ஊத்தினனீங்கள்?" என்று மகள் கேட்டார்.

"வெள்ளைச் சட்டைக்குச் சுடுதண்ணி ஊத்தாமல் வேறென்ன செய்யிறது?" என்றார் அம்மம்மா.

அம்மம்மாவின் விடையைப் பிழை என்று ஒதுக்கிவிட இயலாது. வியர்வையும் புழுதியும் படிந்த வெள்ளைத் துணிக்குச் சூடு நன்மை செய்யும். ஊரில் சலவைத் தொழிலாளர் வெள்ளாவி வைத்ததும் அதற்காகவே. ஆனால் வெள்ளாவியில் ஏற்றுவதற்கு முன்னர் அவர்கள் துணியை உவர்மண் கரைசலில் ஊறவைத்தனர் என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும். உவர்மண்ணிலுள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்தெடுத்தது. சூடு அதற்குப் பின்னரே வந்தது. கேத்தல் நீரை நேரடியாக ஊற்றியபோது அந்த முதற்படி விடுபட்டுப் போயிற்று.

ஒரு கரண்டி சொக்லேட் ஐஸ்கிரீமில் என்னென்ன உண்டு என்று பார்த்தால் இரு சட்டைகளின் கதையும் விளங்கும். பாலிலிருந்து வந்த புரதம் உண்டு. பாலிலிருந்தோ தாவர எண்ணெயிலிருந்தோ வந்த கொழுப்பு உண்டு. சீனியும் பாற்சர்க்கரையும் உண்டு. கொக்கோவின் நுண்துகள்களும் அவற்றின் பழுப்பு நிறமும் உண்டு. கண்ணுக்குத் தெரிவது இந்தக் கடைசிப் பொருள் மட்டுமே. ஆகையால் கறை என்றால் பழுப்பு நிறம் என்றே பலரும் எண்ணி, நிறத்தைப் போக்கும் முயற்சியில் முதலில் இறங்குகின்றனர். நிறமோ கொழுப்பின் உள்ளே பொதிந்து கிடக்கிறது. கொழுப்பு அகலும் வரை நீரோ வெளுப்பானோ அதனைச் சென்றடைவதில்லை.

முதலில் புரதம். நீலமூடி போட்டு விற்கப்படும் முழுப்பாலின் 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ மூன்றரை கிராம் புரதமும் ஏறத்தாழ அதே அளவு கொழுப்பும் இருக்கின்றன. அப்புரதத்தின் ஒரு பகுதி 60 பாகை செல்சியஸைக் கடந்த சூட்டில் உருமாறத் தொடங்கி, 70 பாகைக்கு மேல் விரைவாகத் திரண்டுவிடும். இதனை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. பால் காய்ச்சிய பாத்திரத்தின் மேலே படரும் ஆடையும், அடியில் ஒட்டிக்கொள்ளும் படலமும் இதற்குச் சான்று. அடிப்பிடித்த பாற்பாத்திரத்தில் எவரும் மீண்டும் கொதிநீரை ஊற்றித் தேய்ப்பதில்லை. பச்சைத் தண்ணீரை ஊற்றி ஊறவைத்துவிட்டு, பிறகே கழுவுவர். பாத்திரத்துக்குச் செய்வதைச் சட்டைக்கும் செய்தால் போதும். நூலிழைகளுக்கிடையே புரதம் திரண்டுவிட்டால் அதனை வெளியே எடுப்பது பாத்திரத்தைச் சுரண்டுவதை விடக் கடினம். பாத்திரத்தையாவது சுரண்ட முடியும்.

அடுத்து, சொக்லேட்டின் கொழுப்பு. கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகையில் உருகும். மனித உடலின் சூடு 37 பாகை. சொக்லேட் கையில் இளகுவதும் வாயில் கரைவதும் இதனாலேயே. இதே இயல்பினால், சவர்க்காரமோ சலவைத் திரவமோ இடாமல் சுடுநீர் மட்டும் ஊற்றினால், கொழுப்பு உருகி நூலுக்குள் ஊறி, கறை படியாத பகுதிக்கும் பரவுகிறது. பேத்தியின் சட்டையில் ஐம்பது பென்ஸ் அளவாக இருந்த கறை உள்ளங்கை அளவானது இப்படித்தான்.

ஆகவே குளிர்ந்த நீருக்கு இரண்டு வேலைகள். பாற்புரதம் திரளாமல் காப்பது ஒன்று. சொக்லேட் கொழுப்பு உருகிப் பரவாமல் காப்பது மற்றொன்று. குளிர்ந்த நீர் என்பது பனிக்கட்டி இட்ட நீர் அன்று. இந்நாட்டுக் குழாயில் வரும் சாதாரணத் தண்ணீர் கோடையிலும் இதற்குப் போதிய அளவு குளிர்ந்தே இருக்கும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. குளிர்ந்த நீர் கொழுப்பை இறுகச் செய்யுமே, அப்படியானால் கொழுப்பு எவ்வாறு போகும்? உண்மைதான். குளிர்ந்த நீரால் கொழுப்பு போகாது. சுடுநீரால் மட்டுமே போவதும் இல்லை. எண்ணெய் முழுக்கின் பின் எத்தனை வாளி வெந்நீரை ஊற்றினாலும், சீயக்காயோ அரப்போ தேய்க்காமல் தலையின் பிசுக்கு அகலாது. கொழுப்பையும் நீரையும் இணைத்து வைக்கும் ஒரு பொருள் வேண்டும். குளிர்ந்த நீர் முதலில் வருவதன் நோக்கம், நீரில் கரையும் சர்க்கரையையும் நீரோடு போகும் புரதத்தையும் விலக்கி, கொழுப்பைத் தனித்து விடுவதே. அடுத்த படி கொழுப்பை அகற்றுவது.

அதற்கு மிக எளிதில் கிடைக்கும் பொருள், சமையலறையில் கையால் பாத்திரம் கழுவப் பயன்படும் திரவம். சட்டியிலுள்ள எண்ணெயைக் குறைந்த சூட்டிலேயே பிரிப்பதற்கென்று ஆக்கப்பட்டது அது. நிறம் குறைந்த, தெளிவான திரவமாயின் நன்று. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இடும் வில்லையையோ தூளையோ இதற்குப் பயன்படுத்தலாகாது. அவற்றின் காரம் மிகுதி. துணிக்கும் கேடு, தோலுக்கும் கேடு.

சவர்க்காரக் கட்டி ஏன் உதவவில்லை என்று அம்மம்மா பின்னர் கேட்டிருக்கிறார். இலண்டனில் குழாய்நீர் கடினநீர். கேத்தலின் உட்புறத்தில் படியும் வெள்ளைப் படிவே அதற்கு அடையாளம். அந்நீரிலுள்ள சுண்ணச் சத்துடன் சவர்க்காரம் சேரும்போது, நீரில் கரையாத ஒட்டும் மண்டி உண்டாகிறது. குளியல் தொட்டியின் ஓரத்தில் வளையமாகப் படிவதும் அதுவே. பேத்தியின் சட்டையில் தெரிந்த சாம்பல் நிறத்தில் அந்த மண்டிக்கும் பங்கு உண்டு. பாத்திரம் கழுவும் திரவம் அவ்வாறு மண்டி கட்டுவதில்லை. மென்னீர் வரும் ஊரிலிருந்து வந்தவர்களுக்குச் சவர்க்காரத்தின் மீதுள்ள நம்பிக்கை இங்கே சற்றுத் தளர வேண்டியிருக்கிறது.

இனி, பேரனின் சட்டைக்குத் தாய் செய்தவற்றை வரிசையாகக் காண்போர் அதன் காரணங்களையும் உடன் காணலாம்.

முதலில் அவர், காய்ந்து ஒட்டியிருந்த சொக்லேட்டை மழுங்கிய கரண்டி விளிம்பினால், ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி வழித்தெடுத்தார். நடுவிலிருந்து வெளியே வழித்தால் கறை பெரிதாகும். ஐஸ்கிரீமாக அன்றிக் கெட்டியான சொக்லேட் துண்டு இளகி ஒட்டியிருந்தால், துணியை ஒரு பையிலிட்டு அரைமணி நேரம் உறைபெட்டியில் வைத்து, இறுகிய பின் உதிர்த்தெடுப்பது மேல். துணியிலிருந்து கையால் எடுத்துவிடும் ஒவ்வொரு துணுக்கும், நீர் கரைக்க வேண்டிய சுமையைக் குறைக்கும்.

பின்னர் சட்டையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, கறையின் பின்பக்கத்தில் குழாய்நீர் விழுமாறு பிடித்தார். கறை வந்த வழியே வெளியேற வேண்டும். முன்பக்கத்தில் நீரைப் பாய்ச்சினால் துணியின் ஊடாக உள்ளே தள்ளப்படும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என வடியும் நீர் தெளியும் வரை பிடித்தார். இந்தக் கட்டத்திலேயே கறையின் நிறம் பாதியாகக் குறைந்தது. எஞ்சியது மங்கலான பழுப்பும், தொட்டால் வழுவழுப்பும்.

அடுத்து நீரைப் பிழிந்து வெளியேற்றினார். இது சிறு செயல், ஆயினும் பலரும் தவறவிடும் செயல். துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அதன் மீது இடும் திரவம் நீர்த்துப்போய்க் கொழுப்பைப் பிடிப்பதில்லை. ஈரமாக இருக்க வேண்டும், நீர் வடியக்கூடாது. பாத்திரம் கழுவும் திரவத்தில் நான்கைந்து துளிகளைக் கறையின் இரு பக்கங்களிலும் இட்டு, விரல் நுனியால் மெல்லத் தேய்த்துப் பத்து நிமிடம் அப்படியே விட்டார். பிரஷ்ஷினால் ஓங்கித் தேய்த்தால் போலோ சட்டையின் பின்னல் மேற்பரப்பு பஞ்சு விட்டு, கறை போன பின்னும் அவ்விடம் வேறாகத் தெரியும்.

பத்து நிமிடத்தின் பின், கைக்கு இதமான வெதுவெதுப்பான நீரில் அலசினார். வெதுவெதுப்பு இங்கே அனுமதிக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. 40 பாகை நீர் புரதத்தைத் திரளச் செய்யாது. திரவம் ஏற்கெனவே கொழுப்பைப் பற்றிக்கொண்டிருப்பதால், இப்போது கொழுப்பு இளகினால் பரவாமல் நீரோடு வெளியேறும். அச்சப்பட வேண்டியது கேத்தல் நீருக்கும், 60 பாகைச் சலவைக்கும், உலர்த்தும் இயந்திரத்துக்கும், இஸ்திரிப் பெட்டிக்கும்தான்.

கொழுப்பு முற்றாகப் போயிற்றா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. துணியை நன்கு அலசிப் பிழிந்து, வழுவழுப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். இன்னும் உறுதியான வழி, அவ்விடத்தைக் காற்றில் உலரவிட்டு ஒரு சொட்டு நீரை இடுவது. சுற்றியுள்ள துணியைப் போல நீர் உடனே ஊறினால் கொழுப்பு இல்லை. நீர் முத்துப்போல் திரண்டு நின்றால் கொழுப்பு எஞ்சியிருக்கிறது. அப்போது திரவம் இடும் படியை மீண்டும் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் வெளுப்பானை நோக்கி ஓடுவது வீண் செலவு. மழைநீர் புகாத மேலங்கி போன்ற துணிகள் தம் இயல்பிலேயே நீரை ஊறவிடா. அவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.

அன்றிரவு அச்சட்டையில் கொழுப்பு போயிற்று. மிக மங்கலான பழுப்பு நிழல் மட்டும் எஞ்சியது. கடைசியாக, அதனை ஏனைய வெள்ளைத் துணிகளுடன் இயந்திரத்தில் 40 பாகையில், 'பயோ' என்று குறிக்கப்பட்ட சலவைத் தூளிட்டுக் கழுவினார். உலர்த்தும் இயந்திரத்தில் இடாமல் கொடியில் விரித்தார். காலையில் நிழலும் இல்லை.

'பயோ' என்னும் சொல் சிலரைத் தயங்க வைக்கிறது. இந்நாட்டுக் கடைகளில் சலவைப் பொருள்கள் பயோ, நொன்-பயோ என இருவகையாக விற்கப்படுகின்றன. முன்னதில் நொதியங்கள் உள்ளன. ஒருவகை நொதியம் புரதத்தைத் துண்டாக்குகிறது, வேறொரு வகை கொழுப்பைத் துண்டாக்குகிறது. பால் கறைக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. குழந்தைகளின் துணிக்கு நொன்-பயோவே ஏற்றது என்னும் எண்ணம் பெற்றோரிடையே வேரூன்றியிருக்கிறது. பயோ தூள் குழந்தைகளின் தோலை உறுத்துகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று என்.எச்.எஸ். தன் பெற்றோர் அறிவுரையில் கூறுகிறது. ஆயினும், ஒரு குறிப்பிட்ட பொருளால் ஒரு குறிப்பிட்ட குழந்தைக்குத் தடிப்பு உண்டாவதைத் தாய் கண்டிருந்தால், அந்தக் கண்ணறிவே முதன்மையானது. கரப்பான் உள்ள குழந்தையின் துணிக்கு எதை மாற்றுவதாயினும் சுகாதாரப் பார்வையாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். நொன்-பயோ மட்டுமே பயன்படுத்தும் வீட்டில், குளிர்ந்த நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் இன்னும் கூடுதலான பொறுமையுடன் செயற்பட வேண்டும், அவ்வளவே.

தூளுக்கும் திரவத்துக்கும் இடையேயும் வேறுபாடு உண்டு. வெள்ளைத் துணிக்கான சலவைத் தூள்களில் பொதுவாக ஒட்சிசன் வெளுப்பான் கலந்திருக்கும். சலவைத் திரவங்களில் அது இருப்பதில்லை. வண்ணத் துணிக்கான தூள்களிலும் இல்லை. கொக்கோவின் கடைசி நிழலைப் போக்குவது அந்த வெளுப்பானே. ஆகையால் திரவம் மட்டும் வாங்கும் வீட்டில் சொக்லேட் நிழல் எஞ்சினால், ஒட்சிசன் வெளுப்பான் தூளைத் தனியாக வாங்கிப் பொதியிலுள்ள அளவின்படி கரைத்து ஊறவைக்கலாம். அக்கரைசலை இறுக மூடிய போத்தலில் எடுத்து வைக்கலாகாது. வாயு வெளியேறி அழுத்தம் ஏறும். குளோரீன் கலந்த வெளுப்பான் இக்கறைகளுக்கு வேண்டியதில்லை. எஞ்சிய புரதத்தை அது மஞ்சளாக்கிவிடுவதும் உண்டு.

பேத்தியின் சட்டைக்கு வருவோமாயின், அது மீட்கப்பட்டதா என்பதே பலரின் வினா. மீட்கப்பட்டது, ஆயினும் வார இறுதி முழுவதும் சென்றது. சனிக்கிழமை காலை கறையின் இரு பக்கமும் பாத்திரம் கழுவும் திரவத்தை இட்டு அரைமணி நேரம் விட்டு அலசினார் தாய். மூன்று முறை இவ்வாறு செய்த பின்னரே நீர்ச்சொட்டு துணியில் ஊறியது. பின்பு வெதுவெதுப்பான நீரில் பயோ தூளைக் கரைத்து இரவு முழுவதும் ஊறவைத்தார். திரண்ட புரதத்தை நீரால் கரைக்க இயலாது. நொதியத்தால் சிறிது சிறிதாக அறுத்தெடுக்க இயலும், அதற்கு நேரம் வேண்டும். ஞாயிறன்று 40 பாகையில் சலவை செய்தபின் உள்ளங்கை அளவான கறை போய், வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் ஒரு மெல்லிய ஓரம் நின்றது. திங்கட்கிழமை அச்சட்டை பாடசாலைக்குச் சென்றது. உலர்த்தும் இயந்திரத்தில் ஒருமுறை சென்றிருந்தால் அதுவும் கைகூடியிருக்குமா என்பது ஐயமே.

உலர்த்தும் இயந்திரமும் இஸ்திரிப் பெட்டியும் ஏன் இத்தனை முறை குறிப்பிடப்படுகின்றன எனில், ஈரத் துணியில் இக்கறைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கழுவி எடுத்ததும் போய்விட்டது போலவே தோன்றும். உலர்ந்த பின்னரே எண்ணெய்த் தடம் கருமையாக எழும். அதற்குள் சூடு பட்டுவிட்டால், எஞ்சிய புரதம் இறுகுகிறது. பாற்சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகின்றன. பால்கோவா கிண்டும்போது நிறம் மாறுவதும் அதே வினைதான், அங்கு விரும்பப்படுகிறது, சட்டையில் விரும்பப்படுவதில்லை. எனவே கறை இருந்த துணியை முதலில் காற்றில் உலர்த்திப் பார்த்துவிட்டு, தூய்மை உறுதியான பின்னரே சூட்டிடம் ஒப்படைக்க வேண்டும்.

பால் கறைக்கு மட்டும் உரிய ஒரு கபடத்தையும் இங்கு கூறல் தகும். சொக்லேட் தன் நிறத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. பால் அவ்வாறன்று. கைக்குழந்தை கக்கிய பால் வெள்ளைத் துணியில் படிந்தால், துடைத்துவிட்டு விரைவுச் சலவையில் இட்ட பின் துணி வெண்மையாகவே தெரியும். மூத்த பிள்ளையின் சட்டைகளை அழகாக மடித்துப் பெட்டியில் வைத்து, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அடுத்த பிள்ளைக்காக எடுக்கும் தாய், கழுத்துப் பகுதியிலும் நெஞ்சிலும் மஞ்சள் திட்டுகளைக் கண்டு திடுக்கிடுகிறார். பெட்டிக்குள் எதுவும் கொட்டவில்லை. துணியில் எஞ்சியிருந்த பாற்கொழுப்பு காற்றிலுள்ள ஒட்சிசனுடன் மெல்ல வினைபுரிந்து மஞ்சளாயிற்று. நெய் பழகிக் காறலெடுப்பதும் இவ்வகை மாற்றமே. போத்தலில் ஊட்டும் பால்மாவிலும் தாவர எண்ணெய்கள் இருப்பதால் அதற்கும் இது பொருந்தும்.

ஆகையால் எடுத்து வைக்கும் துணிகளுக்கு, கறை தெரிகிறதா என்பதைப் பார்க்காமல், கழுத்து, நெஞ்சு, சட்டைக் கையின் முனை ஆகிய இடங்களில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி அலசிய பின் வழக்கமான சலவை செய்து, நன்கு உலர்த்தி மடிப்பது நலம். கஞ்சி போடுவதையோ இஸ்திரி செய்வதையோ எடுத்து அணியும் நாளுக்கு ஒத்தி வைக்கலாம். ஏற்கெனவே மஞ்சளான பருத்தித் துணிக்கும் வரிசை மாறுவதில்லை: குளிர்ந்த நீரில் நனைத்தல், கொழுப்பகற்றல், பயோ கரைசலில் ஓர் இரவு, பின்பு ஒட்சிசன் வெளுப்பானுடன் 40 பாகைச் சலவை. பல திட்டுகள் முழுமையாகப் போகும், சில பாதியளவே மங்கும். பயோ கரைசலும் வெளுப்பானும் ஒரே நேரத்தில் வேண்டாம். கொழுப்பும் புரதமும் போன பின்னரே வெளுப்பானுக்குச் செய்வதற்கு வேலை இருக்கும்.

கடைசியாக, இவ்வளவும் பருத்திக்கும், பருத்தி கலந்த பொலியெஸ்டருக்கும் சொல்லப்பட்டவை. கோவில் திருவிழாவுக்கு அணிவித்த பட்டுப்பாவாடையில் ஐஸ்கிரீம் சிந்தினால் இவ்வழி செல்லாது. பட்டும் கம்பளியும் தாமே புரதத்தால் ஆனவை. பால் புரதத்தை அறுக்கும் நொதியம் பட்டு நூலையும் அறுக்கும். பயோ தூளும் ஒட்சிசன் வெளுப்பானும் அங்கே விலக்கு. பட்டில் நீர் பட்ட இடமே வட்டமாகத் தடம் விடக்கூடும், சாயமும் ஒழுகக்கூடும். சிந்தியதைக் கரண்டியால் எடுத்து, உலர்ந்த வெள்ளைத் துணியை மேலே வைத்து ஒற்றி, தேய்க்காமல், இயன்றவரை அடுத்த நாளே உலர்சலவை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது கறை எங்கே உள்ளது, அது பால் கலந்த ஐஸ்கிரீம், வீட்டில் அதன் மீது எதுவும் இடப்படவில்லை என்னும் மூன்று செய்திகளைக் கடைக்காரரிடம் கூறுவது இன்றியமையாதது. அவரும் கொழுப்புக்கு ஒரு கரைப்பானும் புரதத்துக்கு வேறொரு பொருளும் கையாளுகிறார். எது கறை என்று அறியாமல் நீராவி அழுத்தியை வைத்துவிட்டால், கேத்தல் நீருக்கு நேர்ந்ததே அங்கும் நேரும்.